வாடகைக் கடையில் கண்ணாடி, போர்டு, ஃபிட்டிங்ஸை இன்ஷூர் செய்வது யார்? கட்டிட உரிமையாளருக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுத வேண்டிய கடிதம்

கோவை வட்டாரத்தில் சிறு கடைகளுக்குப் பாலிசி எடுத்துக் கொடுப்பதும், கிளெய்ம் வரும்போது கூடவே நிற்பதும் என் வேலை. என்னிடம் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். பதில்கள் தமிழ்நாட்டில் வாடகைக்குக் கடை வைத்திருப்பவர்களுக்கானவை.

"வாடகை ஒப்பந்தத்துல இன்ஷூரன்ஸ் பத்தி ஒரு வரிகூட இல்ல. அப்போ சட்டப்படி யாரு எடுக்கணும்?"

இதை இன்னார் இன்ஷூர் செய்ய வேண்டும் என்று சட்டம் யாரையும் கட்டாயப்படுத்துவதில்லை. பொருள் யாருடையது, உடைந்தால் யார் சரிசெய்ய வேண்டும் என்ற இரண்டை மட்டும்தான் அது ஓரளவுக்குச் சொல்கிறது. காப்பீடு அந்த இரண்டின் பின்னால்தான் போகும். நஷ்டம் யார் பையிலிருந்து போகுமோ அவர்தான் பாலிசி எடுக்க முடியும், எடுக்கவும் வேண்டும்.

1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் 108-ஆவது பிரிவில், வாடகைதாரர் தான் பொருத்தியவற்றைக் கடை தன் வசம் இருக்கும்வரை கழற்றி எடுத்துக்கொள்ளலாம், ஆனால் இடத்தை வாங்கிய நிலையிலேயே திருப்பித் தர வேண்டும் என்று இருக்கிறது. சாவியைக் கொடுத்த பிறகு அந்த உரிமை இல்லை. அதே பிரிவில், இடத்தை நல்ல நிலையில் வைத்திருக்கும் பொறுப்பு வாடகைதாரருடையது என்றும், சாதாரணத் தேய்மானமும் தடுக்க முடியாத சக்தியால் வந்த மாற்றமும் அதில் சேராது என்றும் இருக்கிறது.

இன்னொரு பக்கம், தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டத்தில் பராமரிப்பு வேலைகளைப் பிரித்துக் காட்டும் அட்டவணை ஒன்று உண்டு. கட்டமைப்புப் பழுது உரிமையாளர் பக்கம். கதவு, ஜன்னல் கண்ணாடி மாற்றுவது வாடகைதாரர் பக்கம். ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொண்டால் அதுதான் செல்லும்.

சரி, புயலில் முகப்புக் கண்ணாடி உடைந்தால்? "தடுக்க முடியாத சக்தி, என் பொறுப்பில்லை" என்று வாடகைதாரர் சொல்லலாம். "கண்ணாடி உங்கள் வேலை என்று அட்டவணையிலேயே இருக்கிறது" என்று உரிமையாளர் சொல்லலாம். இரண்டுக்கும் பிடிமானம் உண்டு. கண்ணாடி உடைவதற்கு முன்பே இதைக் கடிதத்தில் முடித்துக்கொள்ளச் சொல்வது இதனால்தான்.

"என் கடைப் பாலிசியில கண்டென்ட்ஸ்னு 5 லட்சம் போட்டிருக்கு. அதுல இதெல்லாம் வந்துடாதா?"

வந்துவிடும் என்று நம்பிய ஒரு பேக்கரிக்காரருக்கு நடந்ததைச் சொல்கிறேன். கடைக்கு முன்னால் பன்னிரண்டடி நீளத்தில் இரும்புச் சட்டம் போட்டு, ஏசிபி ஷீட் அடித்து, அதன் மேல் எல்இடி எழுத்து வைத்திருந்தார். சட்டத்தை உரிமையாளரின் மாடிக் கைப்பிடிச் சுவரில் போல்ட் போட்டு மாட்டியிருந்தார்கள். கீழே முகப்பில் இரண்டு பெரிய டஃபன்ட் கண்ணாடி. அவை அவர் வரும்போதே இருந்தவை, உரிமையாளர் போட்டவை.

பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் அடிக்கும் காற்று கோவைக்காரர்களுக்குப் புதிதல்ல. அப்படி ஒரு மழைக்காற்று நாளில் போல்ட் பிடுங்கிக்கொண்டு போர்டு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. விழுந்த வேகத்தில் ஒரு கண்ணாடி நொறுங்கியது. கைப்பிடிச் சுவரில் காரை பெயர்ந்தது. வாசலில் நின்ற ஒரு வாடிக்கையாளரின் பைக் டேங்க் நசுங்கியது. ஆளுக்கு அடிபடவில்லை, அதுவே பெரிய நிம்மதி.

போர்டுக்கு 65,000 ரூபாய், கண்ணாடிக்கு 28,000, சுவருக்கு 9,000, பைக்குக்கு 11,000. ஆக 1,13,000. விழுந்தது ஒரே பொருள், ஆனால் சேதத்தை மதிப்பிட நிறுவனம் அனுப்பிய சர்வேயர் அதை நான்காகப் பிரித்துப் பார்த்தார். பாலிசியில் "கடைக்குள் இருக்கும் பொருட்கள்" என்றுதான் இருந்தது. போர்டு வெளியே மாட்டியது, பட்டியலிலும் இல்லை. கண்ணாடியும் சுவரும் கட்டிடத்தைச் சேர்ந்தவை, அவர் கட்டிடத்துக்குப் பாலிசி எடுக்கவில்லை. பைக் மூன்றாம் நபரின் சொத்து, அதற்குப் பொதுப் பொறுப்புக் காப்பீடு இருந்திருக்க வேண்டும்.

உரிமையாளரிடம் கட்டிடத்துக்குப் பாலிசி இருந்தது. அவர் சுவருக்கு மட்டும் கிளெய்ம் கேட்கச் சம்மதித்தார், கண்ணாடிக்கு மறுத்துவிட்டார். மீதி 1,04,000 ரூபாய் பேக்கரிக்காரரின் கையைவிட்டுப் போனது. இத்தனைக்கும் அந்தப் பாலிசிக்கு மூன்று வருஷமாக ஒழுங்காகப் பிரீமியம் கட்டியவர் அவர். அன்று எனக்கும் மனசு ஆறவில்லை. அடுத்த வருஷத்திலிருந்து, கடிதம் எழுதாமல் நான் யாருக்கும் கடைப் பாலிசி புதுப்பித்துத் தருவதில்லை.

"சரி, ஓனருக்கு என்னன்னு எழுதறது?"

"எது யார் பொறுப்பு என்று தெரிவிக்கவும்" என்று பொதுவாகக் கேட்டால் பதில் வராது, வந்தாலும் "எல்லாம் உங்கள் பொறுப்பு" என்று ஒரே வரியில் வரும். நீங்களே ஒரு பட்டியல் போட்டு, உங்கள் புரிதலை எழுதி, ஒப்புதல் கையெழுத்து கேளுங்கள். அவர் திருத்த விரும்பினால் அதிலேயே திருத்தட்டும்.

பட்டியலுக்கு முன் கடையை ஒரு தடவை சுற்றி வந்து ஒவ்வொரு பொருளுக்கும் மூன்று விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். யார் காசில் போட்டது? காலி செய்யும்போது யார் எடுத்துக்கொள்வது? உடைந்தால் யார் செலவு? மூன்றுக்கும் ஒரே பெயர் வந்தால் பேசுவதற்கு ஒன்றுமில்லை, அவரே இன்ஷூர் செய்வார். உங்கள் கவுன்டரும் ஷோகேஸும் அந்த வகை. மூன்றில் ஒன்று மாறினாலும் அந்தப் பொருளைப் பற்றிக் கடிதத்தில் தனியாக எழுத வேண்டும். பேக்கரியில் அப்படி மாறியது கண்ணாடி: போட்டது உரிமையாளர், எடுத்துக்கொள்ளப் போவதும் அவர், உடைந்தால் செலவு மட்டும் வாடகைதாரர். ஃபால்ஸ் சீலிங்கும் தரை டைல்ஸும் அதேபோல் சிக்கலானவை. போட்டது நீங்கள், ஆனால் பெயர்த்து எடுத்துக்கொண்டு போக முடியாது.

அந்த பேக்கரிக்காரருக்கு மறுவருஷம் நாங்கள் எழுதிய கடிதம் ஏறத்தாழ இப்படி இருந்தது:

> மதிப்பிற்குரிய ஐயா,
>
> பொருள்: தங்கள் கட்டிடத்தின் தரைத்தளக் கடை – காப்பீட்டுப் பொறுப்பைத் தெளிவுபடுத்திக்கொள்வது குறித்து
>
> நமது வாடகை ஒப்பந்தத்தில் காப்பீடு பற்றிக் குறிப்பு இல்லை. என் கடைப் பாலிசி அடுத்த மாதம் புதுப்பிக்கப்பட உள்ளதால், கீழ்க்கண்டவற்றை என் புரிதலாகத் தங்கள் முன் வைக்கிறேன்.
>
> 1. சுவர், கூரை, ஷட்டர், உள் வயரிங் ஆகியவை தங்களுடையவை. இவற்றுக்குக் காப்பீடு செய்வது தங்கள் பொறுப்பு.
>
> 2. கவுன்டர், ஷோகேஸ், அலமாரி, ஃபால்ஸ் சீலிங், தரை டைல்ஸ் ஆகியவற்றை என் செலவில் தங்கள் சம்மதத்துடன் அமைத்தேன். ஒப்பந்தக் காலம் முழுவதும் இவற்றை என் பெயரில் காப்பீடு செய்வேன். காலி செய்யும்போது சீலிங்கையும் டைல்ஸையும் அப்படியே விட்டுச் செல்வேன்.
>
> 3. முகப்புக் கண்ணாடி இரண்டும் கண்ணாடிக் கதவும் தாங்கள் அமைத்தவை. தற்செயலாக உடைந்தால் மாற்றும் செலவு என்னுடையது, அதற்கு நான் காப்பீடு எடுப்பேன். தீ, புயல், வெள்ளம், கலவரத்தால் உடைந்தால் அது தங்கள் கட்டிடப் பாலிசியில் அடங்கும்.
>
> 4. பெயர்ப்பலகையும் அதன் இரும்புச் சட்டமும் என்னுடையவை. கைப்பிடிச் சுவரில் அவற்றைப் பொருத்தத் தாங்கள் சம்மதித்திருக்கிறீர்கள். அது விழுந்து பிறருக்கோ தங்கள் சுவருக்கோ சேதம் ஏற்பட்டால் அதற்கான பொறுப்புக் காப்பீட்டை நான் எடுப்பேன்.
>
> தங்கள் கட்டிடப் பாலிசி நடப்பில் உள்ளதா, அதில் மேற்கண்ட கண்ணாடிகள் சேர்ந்துள்ளனவா என்பதைத் தெரிவித்து, பாலிசியின் முதல் பக்க நகலைத் தந்து உதவக் கோருகிறேன். மேலே உள்ளவை சரி எனில், இணைத்துள்ள நகலில் கையெழுத்திட்டு 15 நாட்களுக்குள் திருப்பித் தருமாறு வேண்டுகிறேன். மாற்றம் இருப்பின் அதே நகலில் குறிப்பிடவும்.

மூன்றாவது பத்திதான் இதில் முக்கியம். கண்ணாடியை ஒருவர் தலையில் மொத்தமாகக் கட்டாமல், உடையும் காரணத்தை வைத்துப் பிரித்திருக்கிறோம். கட்டிடப் பாலிசி பொதுவாகத் தீ, புயல் போன்ற பெயர் குறித்த ஆபத்துகளுக்குத்தான் பணம் தரும். கை தவறி உடைந்தால் தராது. அதற்கென்று கடைக்காரர் பாலிசியில் கண்ணாடிக்குத் தனிப் பிரிவு இருக்கிறது, பிரீமியமும் பெரிதாக வராது. இப்படிப் பிரித்தால் உரிமையாளருக்கும் புதுச் செலவு இல்லை, அதனால் கையெழுத்துப் போட அவர் தயங்குவதில்லை.

நான்காவது பத்தியில் "சம்மதித்திருக்கிறீர்கள்" என்ற சொல்லையும் விட்டுவிடாதீர்கள். சம்மதம் இல்லாமல் நிரந்தரக் கட்டுமானம் எழுப்பக் கூடாது என்று அதே 108-ஆவது பிரிவு சொல்கிறது. மாட்டிய போர்டு அதில் சேருமா சேராதா என்ற வாதத்துக்கே இடம் கொடுக்காமல் இருப்பது நல்லது.

"இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் இதே கடிதத்தோட ஒரு காப்பி அனுப்பிட்டா போதாதா?"

போதாது. ஒப்பந்தத்துக்கு விளக்கம் சொல்வது நிறுவனத்தின் வேலை இல்லை. பாலிசிக்கு விளக்கம் சொல்ல உரிமையாளரால் முடியாது. முதலில் உரிமையாளரின் கையெழுத்தை வாங்குங்கள். அப்புறம் அந்த நகலை இணைத்து நிறுவனத்துக்குத் தனிக் கடிதம் எழுதுங்கள். முகவரிடம் வாய்மொழியாகக் கேட்டுத் திருப்தி அடைய வேண்டாம். நானும் முகவர்தான், ஆனால் கிளெய்ம் மேசையில் என் வாய்ச்சொல் நிற்காது.

அந்தக் கடிதத்தில் பாலிசி எண்ணைப் போட்டு, ஒவ்வொரு பொருளும் எந்தப் பிரிவில், எவ்வளவு தொகைக்கு, என்ன விதிவிலக்குடன் வருகிறது என்று கேளுங்கள். பிரிவுகளின் பெயரைப் பாலிசியில் அச்சிட்டிருக்கிறபடியே எழுதுங்கள். பேக்கரிக்காக நாங்கள் கேட்டவை:

> இணைப்பில் உள்ளபடி ஃபால்ஸ் சீலிங்கும் தரை டைல்ஸும் என் செலவில் அமைத்தவை. இவை பாலிசியில் கட்டிடமாகக் கருதப்படுமா, ஃபிட்டிங்ஸாகக் கருதப்படுமா?
>
> முகப்புக் கண்ணாடி உரிமையாளருடையது. ஆனால் தற்செயலாக உடைந்தால் மாற்றும் பொறுப்பு என்னுடையது. இந்தப் பொறுப்பின் அடிப்படையில் கண்ணாடிப் பிரிவில் என் பெயரில் காப்பீடு ஏற்கப்படுமா? பேட்ச் ஃபிட்டிங், ஃப்ளோர் ஸ்பிரிங், கண்ணாடி மேல் ஒட்டிய எழுத்து ஆகியவையும் சேருமா?
>
> பெயர்ப்பலகை கட்டிடத்துக்கு வெளியே பொருத்தப்பட்டது. அது இருக்கும் இடம், அளவு, மதிப்பு ஆகியவற்றை அட்டவணையில் சேர்த்து எண்டார்ஸ்மென்ட் வழங்கவும். அது விழுந்து மூன்றாம் நபருக்கு ஏற்படும் சேதம் எந்தப் பிரிவில் அடங்கும்?

பதிலில் "ஆம், சேரும்" என்று ஒரு மின்னஞ்சல் வந்தால் அதோடு நிறுத்திவிடாதீர்கள். எண்டார்ஸ்மென்ட் கேளுங்கள். மாற்றத்தை எழுதிப் பாலிசியோடு சேர்க்கும் தாள் அதுதான்.

எல்இடி போர்டு பற்றி ஒரு எச்சரிக்கை. விழுந்து உடைவது, திருட்டு, தீ போன்றவற்றுக்குத்தான் போர்டுக்கான பிரிவு. பல்பு எரிந்துபோவது, பல்புக்கு மின்சாரம் தரும் டிரைவர் பழுதாவது பொதுவாக விதிவிலக்கு. அதற்கு விற்றவரின் வாரன்ட்டிதான் கதி.

"டஃபன்ட் கிளாஸ் யாரும் தொடாமலே ராத்திரில வெடிச்சுடுச்சு. அதுக்குக் காசு வருமா?"

டஃபன்ட் கண்ணாடி தானாக நொறுங்குவது உண்மையிலேயே நடப்பதுதான். தயாரிப்பின்போது உள்ளே தங்கிவிடும் நிக்கல் சல்ஃபைடு துகள் காலப்போக்கில் விரிந்து உடைக்கும். சட்டத்தில் இறுக்கிப் பொருத்தியதாலும், விளிம்பில் முன்பே பட்ட சிறு அடியாலும் அப்படி ஆகும். சர்வேயர் இதை "தற்செயல்" என்றும் எடுக்கலாம், "உள்குறை" என்று சொல்லித் தள்ளவும் செய்யலாம். ஆகவே நிறுவனத்துக்கு எழுதும் கடிதத்திலேயே "வெளிக்காரணம் இன்றித் தானாக உடைந்தால் சேருமா?" என்று ஒரு கேள்வி சேர்த்துவிடுங்கள்.

உடைந்துவிட்டால் உடனே கூட்டி அள்ள வேண்டாம். முதலில் போட்டோ எடுங்கள். துகள் காரணம் என்றால், உடைந்த இடத்தின் நடுவில் இரண்டு பெரிய துண்டுகள் பட்டாம்பூச்சிச் சிறகு போல ஒட்டி நிற்பதுண்டு. அதைக் கழற்றாமல் வைத்திருந்தால் சர்வேயர் பார்க்க முடியும்.

"எவ்வளவு தொகைக்குப் போடணும்? செலவு பண்ணின பில் தொகை போதுமா?"

பில் பழையதாக இருந்தால் போதாது. அதே வேலையை இன்று புதிதாகச் செய்ய எவ்வளவு ஆகும் என்பதுதான் கணக்கு. இன்டீரியர் செய்தவரிடம் இன்றைய விலைக்கு ஒரு கொட்டேஷன் வாங்கிக் கடிதத்துடன் வையுங்கள்.

குறைத்துப் போட்டால் என்ன ஆகும் என்று பார்ப்போம். ஃபிட்டிங்ஸின் இன்றைய மதிப்பு 8 லட்சம், பாலிசியில் போட்டது 5 லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சீலிங்கும் ஷோகேஸும் எரிந்து 1,60,000 ரூபாய் நஷ்டம். 5 லட்சத்துக்கு உள்ளேதானே, முழுசாக வரும் என்று தோன்றும். வராது. எட்டில் ஐந்து பங்கு, அதாவது 1,00,000 ரூபாய்தான் வரும்.

மொத்த மதிப்பு 5 கோடிக்குள் இருக்கும் இடங்களுக்கு 2021 ஏப்ரல் முதல் வந்த பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா பாலிசியில், குறைவு 15 சதவீதத்துக்குள் இருந்தால் இப்படி வெட்ட மாட்டார்கள். மேற்சொன்ன கடையில் 7 லட்சம் போட்டிருந்தால் முழு நஷ்டமும் கணக்கில் வந்திருக்கும்.

உரிமையாளரின் கையெழுத்து இங்கேயும் உதவுகிறது. எது உங்களுடையது என்று தெரியாமல் தொகை போட்டால், அவருடைய வயரிங்கையும் ஷட்டரையும் சேர்த்துக் கூடுதல் பிரீமியம் கட்டுவீர்கள். இல்லையென்றால் உங்கள் டைல்ஸையும் சீலிங்கையும் விட்டுவிட்டுக் குறைத்துப் போடுவீர்கள்.

"என் கடையில தீப்பிடிச்சு கட்டிடம் சேதமானா, ஓனரோட பாலிசி பார்த்துக்கும்தானே?"

அவருக்குப் பணம் கொடுக்கும். கொடுத்த பிறகு, தீக்கு உங்கள் கவனக்குறைவு காரணம் என்று தெரிந்தால், அவருடைய இடத்தில் நின்று அந்த நிறுவனம் உங்களிடம் அதே தொகையைக் கேட்க முடியும். பேக்கரி அடுப்பு இருக்கும் கடைக்கு இது வெறும் ஏட்டுப் பேச்சு அல்ல. உரிமையாளருக்கு எழுதும் கடிதத்தில் ஒரு வரி சேருங்கள்: வாடகைதாரர் மீது அந்த மீட்பு உரிமையைப் பயன்படுத்துவதில்லை என்ற எண்டார்ஸ்மென்ட்டைத் தன் பாலிசியில் கேட்டு வாங்கித் தர முடியுமா என்று. முடியாது என்றால் உங்கள் பொறுப்புக் காப்பீட்டில் நீங்கள் வாடகைக்கு இருக்கும் கட்டிடத்துக்கு ஏற்படும் சேதமும் சேர்கிறதா என்று உங்கள் நிறுவனத்திடம் கேட்க வேண்டும். பல பாலிசிகளில் "வசத்தில் உள்ள சொத்து" விதிவிலக்காகவே இருக்கும்.

"ஓனர் 'அதெல்லாம் பார்த்துக்கலாம் தம்பி'ன்னு சொல்றாரு, கையெழுத்துப் போட மாட்டேங்கறாரு. என்ன பண்றது?"

இது நிறைய நடக்கும், பெரும்பாலும் கெட்ட எண்ணம் இல்லை. கடிதம் என்றாலே வழக்கு என்று நினைத்துக்கொள்கிறார்கள். நேரில் போய், பாலிசி புதுப்பிக்க நிறுவனம் கேட்கிறது என்று சொல்லிப் பட்டியலை மட்டும் காட்டுங்கள். கண்ணாடி விஷயத்தில் உங்கள் பக்கம் ஏற்றுக்கொள்வதை முதலில் சொல்லுங்கள். அப்படியும் நடக்கவில்லை என்றால் ஒப்புகையுடன் தபாலில் அனுப்பிவிட்டு ரசீதை வையுங்கள். வாட்ஸ்அப்பில் "சரி" என்று பதில் வந்தாலும் எடுத்து வையுங்கள், ஒன்றுமே இல்லாததற்கு அது மேல்.

மௌனத்தைச் சம்மதமாக மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள். பதில் வரும்வரை கண்ணாடி எல்லாக் காரணத்துக்கும் உங்கள் செலவு என்று வைத்துக்கொண்டு, தீ, புயலுக்கும் சேர்த்து உங்கள் பாலிசியிலேயே போட முடியுமா என்று நிறுவனத்திடம் கேளுங்கள்.

"ஓனர் கட்டிடத்துக்கும் என்னையே பாலிசி எடுக்கச் சொல்றாரு. எடுக்கலாமா?"

ஒப்பந்தத்தில் அப்படி எழுதியிருந்தால் எடுக்கலாம், ஆனால் இருவர் பெயரும் பாலிசியில் இருக்க வேண்டும். கட்டிடத்தின் மேல் அவருக்கு வங்கிக் கடன் இருந்தால் வங்கி ஏற்கெனவே ஒரு பாலிசி எடுக்க வைத்திருக்கும். முதலில் அதைக் கேளுங்கள். ஒரே கட்டிடத்துக்கு இரண்டு பாலிசி இருந்தாலும் நஷ்டம் ஒரு தடவைதான் கிடைக்கும்.

"ஒரு தடவை எழுதி வாங்கிட்டா கடையைக் காலி பண்ற வரைக்கும் போதுமா?"

எதுவும் மாறாத வரை போதும். போர்டை மாற்றினால், கண்ணாடியை மாற்றினால், சீலிங்கைப் புதுப்பித்தால் பட்டியலைத் திருத்தி இருவருக்கும் அனுப்புங்கள். கட்டிடம் கைமாறினால் புது உரிமையாளரிடம் புதிதாகக் கையெழுத்து வாங்குங்கள். வேலை நடக்கும் நாட்களில் இன்னும் கவனமாக இருங்கள். கண்ணாடியைக் கழற்றும்போதோ பொருத்தும்போதோ உடைந்தால் கண்ணாடிப் பிரிவு பொதுவாகப் பணம் தராது. அந்த நாட்களுக்கு வேலை செய்பவரிடம், உடைந்தால் அவர் பொறுப்பு என்று கொட்டேஷனிலேயே எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். பேக்கரிக்காரர் புதுக் கண்ணாடி போட்டபோது அப்படித்தான் வாங்கினோம்.